படிப்புக் கடன்: “ஒன்னும் கட்டத் தேவல்ல” என்ற காலத்தில் வட்டிக்கு என்ன நடக்கிறது?

“மகள் படிச்சி முடிச்சி ஆறு மாசம் வரைக்கும் நீங்க ஒன்னும் கட்டத் தேவல்ல.”

படிப்புக் கடன் கேட்டு பேங்குக்குப் போகும் வாப்பாமார் உம்மாமார் எல்லோரும் கேட்டுவிட்டு வரும் வசனம் இது. இதில் பொய் இல்லை. அந்தக் காலம் முடியும் வரை தவணை கட்டத் தேவையில்லைதான். ஆனால் கேட்பவர் காதில் இந்த வசனம் வேறு மாதிரி விழுகிறது. “தவணை இல்லை” என்பதை “வட்டியும் இல்லை” என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். மூன்றரை வருடம் கழித்து முதல் தவணைக்கான கடிதம் வரும்போதுதான் இரண்டும் ஒன்றல்ல என்று விளங்குகிறது.

ஆசிரியர்களாகிய நாம் இதைப் பற்றி எழுதுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஏ.எல் பெறுபேறு வந்த அடுத்த வாரமே, “கெம்பஸ் கிடைக்கல்ல, தனியார் டிகிரிக்கு லோன் எடுக்கலாமா?” என்று பிள்ளைகள் வந்து கேட்பது நம்மிடம்தான். “நீங்க அரசாங்க உத்தியோகம்தானே, பிணைக்கு ஒரு கையெழுத்து வைங்க” என்று சொந்தக்காரர் வந்து நிற்பதும் நம்மிடம்தான். முதல் தவணை பிந்தினால் கிரிப் அறிக்கையில் பதியப்படுவது பிள்ளையின் பெயர் மட்டுமல்ல. பிணை நின்றவரையும் பேங்க் தேடி வரும். ஆகவே இந்தக் கணக்கு நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒன்றைப் பிரித்துவிடுவோம். அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் என்று ஒன்று 2017 முதல் நடக்கிறது. ஏ.எல் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகள், அங்கீகரிக்கப்பட்ட தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்க எடுக்கும் கடன் அது. அதிலும் வட்டி ஓடுகிறது, ஆனால் அதை பேங்குக்குக் கட்டுவது அரசாங்கம். எனவே அந்தக் கடனில் எடுத்த தொகையை மாதங்களால் வகுத்தால் தவணை வந்துவிடும். நாம் இங்கே பேசப்போவது அந்தத் திட்டத்துக்குள் வராத பிள்ளைகள், பேங்குகளில் சாதாரண வட்டிக்கு எடுக்கும் படிப்புக் கடனைப் பற்றி.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்களை இலகுவாக வைத்துக்கொள்கிறோம்.

ஒரு பிள்ளை மூன்று வருட டிகிரிக்கு 12 இலட்சம் ரூபா கடன் எடுக்கிறது. பேங்க் அதை ஒரேயடியாகக் கொடுக்காமல், ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 4 இலட்சம் வீதம் நிறுவனத்துக்குக் கட்டுகிறது. வட்டி வருடத்துக்கு 12 வீதம், அதாவது மாதத்துக்கு 1 வீதம். படிப்பு 36 மாதம். அதற்கு மேல் தொழில் தேட 6 மாதம். பேங்கில் ‘கிரேஸ் பீரியட்’ என்று சொல்லும் சலுகைக் காலம் ஆக மொத்தம் 42 மாதம். அதன் பிறகு 60 மாதத் தவணை.

வீட்டில் எல்லோரும் போடும் கணக்கு இதுதான்: 12 இலட்சத்தை 12 வீத வட்டிக்கு 60 மாதத்தில் கட்டுவது. அதற்குரிய மாதத் தவணை ஏறத்தாழ 26,693 ரூபா. துண்டுப்பிரசுரத்தில் இருக்கும் தவணை அட்டவணையைப் பார்த்தாலும் இதே எண்தான் இருக்கும். “கஷ்டம்தான், ஆனா சமாளிக்கலாம்” என்று கையெழுத்து வைக்கிறோம்.

அந்த அட்டவணை, கடன் எடுத்த அடுத்த மாதமே தவணை தொடங்கும் ஒருவருக்கு உரியது. நமது பிள்ளைக்குத் தவணை தொடங்குவது 43ஆவது மாதத்தில். அந்த 42 மாதமும் கடன் நித்திரை கொள்வதில்லை. முதல் வருடத்தில் 4 இலட்சத்துக்கு மாதம் 4,000 ரூபா வட்டி விழுகிறது. இரண்டாம் வருடத்தில் 8 இலட்சத்துக்கு மாதம் 8,000. மூன்றாம் வருடத்திலும் தொழில் தேடும் அந்த ஆறு மாதத்திலும் 12 இலட்சத்துக்கு மாதம் 12,000. கூட்டிப் பாருங்கள்: 48,000, 96,000, 2 இலட்சத்து 16 ஆயிரம். மொத்தம் 3 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா. யாரும் கேட்கவில்லை, யாரும் கட்டவில்லை. ஆனால் பேங்கின் புத்தகத்தில் ஒவ்வொரு நாளும் அது எழுதப்பட்டுக்கொண்டே இருந்தது.

இந்த 3 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு என்ன நடக்கிறது என்பதுதான் முழுக் கதையும். வட்டி வீதம் எத்தனை என்று எல்லோரும் கேட்கிறோம். கட்டாத வட்டியை என்ன செய்வீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஒரே வீதம், ஒரே தொகை, ஒரே காலம். ஆனால் வழி மாறினால் தவணை மாறும்.

முதல் வழி: சலுகைக் காலத்தில் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிக்கொண்டு வருவது. சில பேங்குகள் இதைக் கட்டாயமாகவே கேட்கின்றன. அப்படிக் கட்டினால் 43ஆவது மாதத்தில் கடன் அதே 12 இலட்சம்தான். தவணையும் நாம் நினைத்த அதே 26,693தான்.

இரண்டாம் வழி: வட்டியைக் கட்டவில்லை. பேங்க் அதைத் தனியாக ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொண்டு, சலுகைக் காலம் முடிந்ததும் ஒரேயடியாகக் கடனோடு கூட்டுகிறது. அப்போது தவணை போடப்படுவது 15 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு. மாதம் 34,701 ரூபா.

மூன்றாம் வழி: கட்டாத வட்டியை ஒவ்வொரு மாத முடிவிலும் கடனோடு கூட்டிவிடுவது. அடுத்த மாதம் வட்டி கணக்கிடப்படுவது கூட்டிய தொகைக்கு. வட்டிக்கு வட்டி என்று நாம் சொல்வது இதைத்தான். 42 மாத முடிவில் கடன் 16 இலட்சத்து 25 ஆயிரத்தைத் தாண்டி நிற்கும். தவணை ஏறத்தாழ 36,150 ரூபா.

(மாதத்துக்குச் சரியாக 1 வீதம் என்று வைத்தே இவற்றைக் கணக்கிட்டோம். பேங்க் நாள் கணக்கில் போடுவதால் ஒரு சிறு வித்தியாசம் வரும். கையில் கணினி இருப்பவர்கள் எக்செலில் கீழே உள்ளதை அடித்துப் பார்க்கலாம். நடுவில் இருப்பது மாதங்கள், கடைசியில் இருப்பது தவணை தொடங்கும் நாளில் உள்ள கடன்.)

```
=PMT(0.01,60,-1560000)
```

இப்போது அந்தப் பிள்ளையின் பக்கம் இருந்து பாருங்கள். டிகிரி முடித்து முதல் தொழிலில் கைக்கு வரும் சம்பளம் 65,000 ரூபா என்று வைப்போம். 26,693 என்றால் சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். 36,150 என்றால் பாதிக்கும் மேல் போய்விடுகிறது. கொழும்பில் அறை வாடகையும் சாப்பாடும் பஸ் காசும் மிச்சப் பாதிக்குள் அடங்க வேண்டும். வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. “தொழில் கிடைச்சும் ஒன்னும் அனுப்பல்ல” என்று வீட்டில் மனவருத்தம் வருவது இப்படித்தான். பிள்ளை ஊதாரித்தனமாகச் செலவழிக்கவில்லை. கடனின் முதல் மூன்றரை வருடத்தை இப்போது கட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த முதல் தவணைக்குள் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். மூன்றாம் வழியில் கட்டும் 36,150 ரூபாவில் 16,251 ரூபா அந்த மாத வட்டிக்கே போகிறது. கடனில் கழிவது 19,900 ரூபா அளவுதான். இப்படியே மாதாமாதம் கட்டிக்கொண்டு போனால், உண்மையில் கையில் வாங்கிய அந்த 12 இலட்சத்துக்குக் கீழே கடன் இறங்குவது 20ஆவது தவணையைக் கட்டிய பிறகுதான். ஒன்றரை வருடத்துக்கும் மேல் ஒரு மாதமும் தவறாமல் கட்டிய பிள்ளை கிளைக்குப் போய் மிச்சம் எவ்வளவு என்று கேட்டால், எடுத்த தொகையைவிடக் கூடிய எண்ணைத்தான் சொல்வார்கள். “கட்டினதெல்லாம் எங்க போச்சு?” என்று அந்தப் பிள்ளை கேட்பதில் நியாயம் இருக்கிறது. படிக்கும் காலத்து வட்டிக்குத்தான் போயிருக்கிறது. அதை அன்றே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

முதல் தவணையில் இன்னொரு சிறு பொறியும் உண்டு. சலுகைக் காலம் முடியும் நாளும் தவணை கட்டும் நாளும் எப்போதும் பொருந்தி வருவதில்லை. சலுகைக் காலம் 10ஆம் திகதி முடிகிறது, தவணை நாள் ஒவ்வொரு மாதமும் 25 என்று வைப்போம். முதல் தவணை அடுத்த மாதம் 25ஆம் திகதி என்றால், இடையில் 30 நாளுக்குப் பதிலாக 45 நாள் ஓடிவிடுகிறது. இரண்டாம் வழியில் உள்ள 15 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு ஒரு நாள் வட்டி ஏறத்தாழ 513 ரூபா. கூடிய 15 நாளுக்கு 7,693 ரூபா. சில பேங்குகள் இதை முதல் தவணையோடு சேர்த்துக் கேட்கும். அப்போது முதல் மாதம் கட்ட வேண்டியது 34,701 அல்ல, 42,394 ரூபா. பிள்ளை கணக்கில் 35,000 போட்டு வைத்திருக்கும். தவணை முழுமையாகக் கழிபடாது. முதல் மாதமே நிலுவை, அதற்குத் தாமதக் கட்டணம், பிணை நின்றவருக்குத் தொலைபேசி அழைப்பு. கடன் கட்ட மனமில்லாததால் வந்த நிலுவை அல்ல இது. பதினைந்து நாளைக் கணக்கில் எடுக்காததால் வந்தது. ஆகவே முதல் தவணைக்கு மட்டும் சரியான தொகை என்ன, திகதி என்ன என்பதைத் தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சரி, நமது கடன் இந்த மூன்று வழிகளில் எதில் போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடன் ஒப்புதல் கடிதத்தில் எழுதப்பட்டிருக்கும். ஆனால் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில், நான்காம் ஐந்தாம் பக்கத்தில், ஒரு நீண்ட வசனத்துக்குள் இருக்கும். அந்த இடத்தைக் காட்டி விளங்கும் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. கையெழுத்துப் போடுபவருக்கு அது விளங்கவேண்டும்.

ஏற்கனவே கடன் எடுத்துவிட்டவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. கடன் கணக்குக் கூற்றை வாங்கி, ஜூலை மாத வட்டியையும் ஓகஸ்ட் மாத வட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏன் இந்த இரண்டு மாதம்? இரண்டுக்கும் 31 நாள். மற்ற மாதங்களில் நாள் வித்தியாசத்தால் வட்டி கூடிக் குறையும், ஒன்றும் விளங்காது. டிசம்பரும் ஜனவரியும் கூட இதற்குப் பொருந்தும். இடையில் புதிதாகக் காசு எடுக்கவில்லை, வீதம் மாறவில்லை, நீங்களும் ஒன்றும் கட்டவில்லை என்றால் இரண்டு மாத வட்டியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜூலையில் 4 இலட்சம் எடுத்த பிள்ளைக்கு 31 நாளைக்கு 4,077 ரூபா. ஓகஸ்டிலும் 4,077 என்றால் வட்டி தனியாக நிற்கிறது. ஓகஸ்டில் 4,118 என்றால் ஜூலை வட்டி கடனுக்குள் போய்விட்டது, வட்டிக்கு வட்டி தொடங்கிவிட்டது. வித்தியாசம் 41 ரூபாதான். ஆனால் நாம் எந்த வழியில் போய்க்கொண்டிருக்கிறோம் என்பதை அந்த 41 ரூபா சொல்லிவிடும்.

இனி, என்ன செய்யலாம்?

முடிந்தவர்கள் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டுவது நல்லது. நமது கணக்கில் அப்படிக் கட்டியவருக்கும் மூன்றாம் வழியில் ஒன்றும் கட்டாமல் இருந்தவருக்கும் கடைசியில் 2 இலட்சத்து 7 ஆயிரம் ரூபா வித்தியாசம் வருகிறது. ஆனால் “வட்டியைக் கட்டுங்கள்” என்று சொல்வது இலகு. மூன்றாம் வருடத்தில் மாதம் 12,000 எடுத்து வைக்கும் வசதி இருந்தால் பலர் இந்தக் கடனுக்கே போயிருக்க மாட்டார்கள். சலுகைக் காலம் என்று ஒன்று இருப்பதே அப்படிப்பட்ட குடும்பங்களுக்காகத்தான்.

அவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. முதல் வருடத்து வட்டியான அந்த 4,000 ரூபாவை மட்டும் 42 மாதமும் விடாமல் கட்டி வருவது. அந்தக் காலத்தில் கட்டியது மொத்தம் 1 இலட்சத்து 68 ஆயிரம். மிச்ச வட்டி 1 இலட்சத்து 92 ஆயிரம் கடைசியில் கடனோடு சேரும். தவணை 34,701க்குப் பதிலாக 30,964. மாதம் 3,700 ரூபாவுக்கு மேல் பிள்ளையின் தோளில் இருந்து இறங்குகிறது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சும்மா கணக்கில் காசைப் போட்டுவிட்டு வந்தால் போதாது. சில இடங்களில் தவணை தொடங்கும் வரை அந்தக் காசு கடனுக்குக் கழிபடாமல் சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கும். “இது சலுகைக் கால வட்டிக்கு” என்று கடிதம் கொடுத்து, அடுத்த கூற்றில் வட்டி குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மற்றொரு பக்கம், முதல் தவணைக் கடிதத்தைப் பார்த்துப் பயந்துபோய் கிளைக்கு ஓடுபவர்களுக்கு ஒரு தீர்வு சொல்லப்படும்: “பிரச்சினை இல்ல, தவணையைக் கூட்டாம காலத்தை நீட்டித் தாறோம்.” கேட்க ஆறுதலாக இருக்கும். 15 இலட்சத்து 60 ஆயிரத்தை அதே 26,693 ரூபா தவணையில் கட்டுவதென்றால் 60 மாதம் போதாது, 89 மாதம் வேண்டும். இரண்டு வருடம் ஐந்து மாதம் கூட. கூடுதலாகக் கட்டும் காசு ஏறத்தாழ 2 இலட்சத்து 70 ஆயிரம். சம்பளம் உண்மையிலேயே போதாவிட்டால் இதைத் தவிர வழியில்லாமல் இருக்கலாம். அப்படியானால் எடுங்கள். ஆனால் விலை என்ன என்று தெரிந்துகொண்டு எடுங்கள்.

வட்டி வீதம் நிலையானதா மாறுவதா என்பதையும் இதே இடத்தில் கேட்க வேண்டும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் தனது கொள்கை வட்டி வீதங்களை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தவணை கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது உடனே தெரிந்தது, தவணை கூடியது. சலுகைக் காலத்தில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. கட்டாத வட்டி கூடினால் யாருக்கு வலிக்கும்? நமது கணக்கில் கடைசி 18 மாதத்துக்கு வீதம் 12 இலிருந்து 20 ஆகியிருந்தால், மாத வட்டி 12,000 இலிருந்து 20,000 ஆகும். கடன்காரர் ஒரு சதமும் கட்டாமலே 1 இலட்சத்து 44 ஆயிரம் ரூபா சத்தமில்லாமல் கூடியிருக்கும். மாறும் வீதத்தில் கடன் எடுத்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது கூற்றை வாங்கிப் பார்க்க வேண்டும். சலுகைக் காலம்தானே என்று கணக்குப் பக்கம் போகாமல் இருப்பதுதான் நடக்கும் தவறுகளில் பெரியது.

வட்டி வேண்டாம் என்று இஸ்லாமிய வங்கிப் பிரிவுகளுக்குப் போகும் குடும்பங்கள் நம்மில் அதிகம். மார்க்க ரீதியான கேள்விகளை உலமாக்களிடம் கேட்டுக்கொள்வோம். கணக்கு ரீதியாக ஒன்றை மட்டும் சொல்கிறோம். அங்கே கொடுக்கல் வாங்கலின் மொத்த விலை தொடக்கத்திலேயே நிர்ணயிக்கப்படும்போது, நடுவில் வட்டிக்கு வட்டி என்று ஒன்று ஏறுவதில்லை. அது பெரிய நிம்மதி. ஆனால் பிந்திக் கட்டும் காலத்துக்கான இலாபம் அந்த விலைக்குள் ஏற்கனவே இருக்கும். ஆகவே “படிப்பு முடியும் வரை கட்டத் தேவையில்லை” என்பதற்கு அங்கேயும் ஒரு விலை உண்டு. அது எவ்வளவு என்று அங்கேயும் கேட்கத்தான் வேண்டும்.

பேங்க் ஏமாற்றுகிறது என்று நாம் சொல்லவில்லை. தான் கொடுத்த காசுக்கு மூன்றரை வருடம் ஒன்றும் வாங்காமல் இருக்க எந்த வியாபாரியும் சம்மதிக்க மாட்டார். நமது குறை வேறு. துண்டுப்பிரசுரத்தில் பெரிய எழுத்தில் வட்டி வீதம் இருக்கிறது, சலுகைக் காலம் இருக்கிறது, சிரிக்கும் பட்டதாரிப் பிள்ளையின் படமும் இருக்கிறது. சலுகைக் காலத்தின் கடைசி நாளில் கடன் எவ்வளவாக இருக்கும், முதல் தவணை எவ்வளவு என்ற இரண்டு எண்கள் மட்டும் இல்லை. அவற்றைக் கணக்கிடுவது பேங்கின் கணினிக்கு ஒரு நிமிட வேலை. படிப்புக் கடன் ஒவ்வொன்றுக்கும் இந்த இரண்டு எண்களை ஒப்புதல் கடிதத்தின் முதல் பக்கத்தில், மூன்று மொழியிலும் எழுத வேண்டும் என்று மத்திய வங்கி கட்டாயப்படுத்த வேண்டும். வீதம் மாறுவதென்றால் “இன்றைய வீதத்தில்” என்று போட்டு எழுதலாம். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அது வரும் வரை அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். கூட்டு வட்டியை நாம் வகுப்பில் கரும்பலகையில் படிப்பிக்கிறோம். பிள்ளைகளும் சரியாகச் செய்து புள்ளி வாங்குகிறார்கள். அதே பிள்ளை ஏ.எல் முடித்து கடன் பத்திரத்தோடு வரும்போது, அந்தக் கணக்கை அந்தப் பத்திரத்துக்குப் போட்டுக் காட்டுவதில்லை. “நல்ல விசயம், எடுங்க” என்று சொல்லி அனுப்புகிறோம், அல்லது பிணைக் கையெழுத்தைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம்.

இனிமேல் யாராவது படிப்புக் கடன் பத்திரத்தோடு நம்மிடம் வந்தால், கையெழுத்துக்கு முன் மூன்று கேள்விகளுக்கு பேங்கில் பதில் எழுதி வாங்கி வரச் சொல்வோம். சலுகைக் காலத்தில் கட்டாத வட்டி எப்போது கடனோடு கூட்டப்படும், மாதாமாதமா கடைசியிலா? சலுகைக் காலம் முடியும் நாளில் மொத்தக் கடன் எவ்வளவு? முதல் தவணை எத்தனை ரூபா, எந்தத் திகதி?

இந்த மூன்றுக்கும் பதில் எழுத்தில் வந்த பிறகு, அந்தப் பிள்ளை எதிர்பார்க்கும் முதல் சம்பளத்தைப் பக்கத்தில் எழுதிப் பார்ப்போம். கட்டலாம் என்று தெரிந்தால் நாமும் மன நிம்மதியோடு பிணைக்குக் கையெழுத்துப் போடலாம். கட்ட முடியாது என்று தெரிந்தால், அதை இன்றைக்கே சொல்லிவிடுவதுதான் அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் உதவி. குறைந்த கட்டணத்தில் வேறு பாடநெறி, வட்டியில்லாக் கடன் திட்டத்துக்கு விண்ணப்பம், தேவையான தொகையை மட்டும் எடுப்பது என்று இன்றைக்கு அவர்கள் முன்னால் வழிகள் இருக்கின்றன. 43ஆவது மாதத்தில் அவை இருக்காது.